கடை திறப்புச் செய்தியில் சலுகை வரியை எப்படி எழுதுவது? (உப்புக் கதை உள்ளே)

12 ஜூன் 2025, இரவு 9:40 | தங்கச்சிமடத்துக்காரி

வீட்டு முன்னறையில் மளிகைக் கடை போடுகிறேன். பலகை அடித்தாயிற்று, தராசு வந்தாயிற்று. தெருவாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு செய்தி எழுதினேன். படித்துவிட்டு, சலுகை வரி சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

"இறைவன் திருவருளால் நிகழும் ஜூன் திங்கள் 27ஆம் நாள் வெள்ளிக்கிழமை காலை 11 மணியளவில் எங்களது புதிய மளிகைக் கடை இனிதே திறக்கப்படவுள்ளது. தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். திறப்பு நாள் சலுகையாக 500 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு 1 கிலோ சீனி இலவசம்."

மேலே சாமி பெயர் எதுவும் போடவில்லை. தெருவில் மாதா கோவில் குடும்பங்களும் உண்டு, காளி கோவில் குடும்பங்களும் உண்டு, பள்ளிவாசல் பக்கத்து வீடுகள் ஆறு உண்டு. "இறைவன்" என்றால் எல்லாருக்கும் பொது.

12 ஜூன், இரவு 10:15 | தொண்டிப் பேரன்

அருமை. ஆனால் கவிதை இல்லாமல் அழைப்பா? "கடலலை போல் வருக, கனிவோடு பொருள் பெறுக" என்று தொடங்கி எட்டு வரி எழுதித் தருகிறேன். அட்டை எத்தனை அடிக்கப் போகிறீர்கள்? தொண்டியில் தெரிந்த அச்சகம் இருக்கிறது.

12 ஜூன், இரவு 10:22 | தங்கச்சிமடத்துக்காரி

அட்டை இல்லை. கவிதையும் இல்லை. சலுகை வரி.

13 ஜூன், காலை 6:05 | ராம்நாடு மொத்தக்கடை

தங்கச்சி, சலுகையை விட்டுவிட்டு முதலில் நேரத்தைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை 10:30 முதல் 12 வரை ராகு காலம். 11 மணிக்குத் திறந்தால் பாதிப் பேர் வாசலுக்கு வந்தும் கையில் காசு எடுக்க மாட்டார்கள். 12 மணி ஆனதும் பள்ளிவாசல் பக்கத்து ஆண்கள் ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் திறப்பு விழா இரண்டுக்கும் நடுவில் நசுங்கிவிடும்.

இப்போது சீனி. 500 ரூபாய்க்கு ஒருவர் என்ன வாங்குவார்? என் அனுபவத்தில் இப்படித்தான்: எண்ணெய் இரண்டு லிட்டர் 300, துவரம் பருப்பு ஒரு கிலோ 120, மீதி 80 ரூபாய்க்கு சோப்பு, தேயிலை, மசாலா. எண்ணெயில் லிட்டருக்கு மூன்று ரூபாய் நின்றால் பெரிது. பருப்பில் எட்டு. மீதிச் சரக்கில் எட்டு. ஆக 22 ரூபாய் உங்களுக்கு. சீனி ஒரு கிலோ 43 ரூபாய் போட்டு வாங்குகிறீர்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் 21 ரூபாய் கொடுத்து அனுப்புகிறீர்கள். ஐம்பது பேர் வந்தால் ஆயிரத்துக்கு மேல். இருநூறு பேர் வந்தால்? அதற்கு உங்கள் வரியில் தடுப்பே இல்லை.

13 ஜூன், காலை 9:30 | தங்கச்சிமடத்துக்காரி

ராகு காலத்தை என் மாமியாரும் நேற்று இரவே சொன்னார். காலைத் திருப்பலிக்கும் தவறாதவர், ராகு காலத்துக்கும் தவறாதவர். நான்தான் 11 மணி என்று காலண்டர் பார்க்காமல் போட்டுவிட்டேன்.

கணக்கு உறைத்தது. எனக்கு வேறொன்றும் உறைத்தது: 500 ரூபாய்க்கு ஒரே தடவையில் வாங்குகிற வீடு எங்கள் தெருவில் எத்தனை? தினம் 60 ரூபாய்க்கும் 80 ரூபாய்க்கும் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அவர்களை வரச் சொல்லிவிட்டு, "உனக்கு இல்லை" என்று சொல்வதாகிவிடும்.

13 ஜூன், பகல் 1:10 | விதிப்படி

சீனிக்குப் பதில் எல்லாச் சரக்கிலும் 10 சதவீதம் தள்ளுபடி என்று போட நினைத்தால் கவனம். பாக்கெட்டில் எம்.ஆர்.பி. என்று அச்சிட்ட விலைக்குத்தான் விற்க வேண்டும். குறைத்து விற்றால் குற்றம்.

13 ஜூன், பகல் 1:45 | ராம்நாடு மொத்தக்கடை

பாதி சரி ஐயா. அதற்கு மேல் விற்றால்தான் குற்றம். அது உச்ச விலை. கீழே எவ்வளவு இறக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், பக்கத்துக் கடைக்காரரைத் தவிர.

ஆனாலும் 10 சதவீதம் வேண்டாம் தங்கச்சி. எண்ணெயில் இரண்டு சதவீதம் நிற்கிற இடத்தில் பத்தைக் கொடுத்தால், முதல் மணி நேரத்தில் டீக்கடைக்காரர்கள் வந்து எண்ணெயை மட்டும் பெட்டியோடு தூக்கிப் போவார்கள். தெருவார் வரும்போது அலமாரி காலியாக இருக்கும்.

13 ஜூன், மாலை 4:50 | கீழக்கரை ஜூஸ்

என் கதையைக் கேளுங்கள். போன வருடம் ஜூஸ் கடை திறந்தேன். "முதல் 100 பேருக்கு சர்பத் இலவசம்" என்று போட்டேன். பக்கத்துத் தெருப் பெண்கள் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துவிட்டு 11 மணிக்கு வந்தார்கள். அதற்குள் 100 தீர்ந்துவிட்டது. வாங்கியவர்களில் முக்கால்வாசி பஸ் நிலையத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்கள் இன்றைக்கும் "எங்களுக்குத்தான் தீர்ந்துவிட்டதே" என்று சொல்லிக்கொண்டு கடையைத் தாண்டிப் போகிறார்கள். முதல் இத்தனை பேருக்கு என்று எழுதினால் ஓடத் தெரிந்தவனுக்குத்தான் சலுகை.

14 ஜூன், இரவு 8:00 | தங்கச்சிமடத்துக்காரி

இன்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. 61 நாள். தெருவே ஐஸும் டீசலும் வலையும் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரரும் படகில் இருக்கிறார், கடை பற்றி இப்போது அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

இதிலிருந்துதான் நாள் பிடிபட்டது. எங்கள் பக்கம் விசைப்படகு போவது திங்கள், புதன், சனி. மறுநாள் காலை கரைக்கு வரும். அப்படியானால் கையில் காசு இருக்கிற நாள் செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஆக ஞாயிறு, ஜூன் 29. ராகு காலம் மாலை 4:30க்குத்தான், எமகண்டம் பகல் 12க்கு. காலைத் திருப்பலி முடிந்து, மீன் பங்கு பிரித்து, 9:30க்குப் பெண்கள் வீடு திரும்பியிருப்பார்கள். இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போனது நல்லதுதான். இப்போதே திறந்தால் வருகிற முதல் காசு எல்லாம் தடைக்காலக் கடனுக்குப் போய்விடும்.

ஆடிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது தனி.

16 ஜூன், காலை 10:20 | தங்கச்சிமடத்துக்காரி

சலுகைக்கு உப்பு என்று முடிவு செய்தேன். புது வீட்டுக்கும் முதலில் போவது உப்பு, கடையில் முதல் வியாபாரத்துக்கும் பெரியவர்கள் கேட்பது உப்பும் மஞ்சளும். கல் உப்பு ஒரு கிலோ பாக்கெட் எனக்கு 9 ரூபாய்க்கு வருகிறது. வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தால் பெரிய செலவு இல்லை.

16 ஜூன், பகல் 12:40 | தங்கச்சிமடத்துக்காரி

மேலே சொன்னதில் பாதியை மாமியார் தள்ளுபடி செய்துவிட்டார். உப்பைச் சும்மா கொடுக்கக் கூடாதாம். கையோடு கை கொடுத்தால் சண்டையாம், சும்மா கொடுத்தால் கடையில் இருக்கிற லட்சுமியும் கூடப் போய்விடுமாம். (மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் லட்சுமியைச் சொன்னார். நான் சிரிக்கவில்லை.) "ஒரு ரூபாயாவது வாங்கு, வியாபாரமாகட்டும்" என்றார்.

யோசித்தால் இலவசத்தைவிட ஒரு ரூபாய் நல்லது. வாங்குகிறவருக்கும் கை நீட்டிய கூச்சம் இல்லை. நானும் அவர் முகம் பார்த்து ஒரு காசு வாங்கிப் போடுகிறேன்.

16 ஜூன், மாலை 5:15 | கீழக்கரை ஜூஸ்

ஒன்பது ரூபாய் எதற்கு? வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் மூட்டை உப்பு அள்ளிக்கொண்டு வந்து, நீங்களே கவரில் போட்டுக் கட்டினால் கிலோ நான்கைந்து ரூபாய்தான் ஆகும்.

16 ஜூன், இரவு 7:30 | ராம்நாடு மொத்தக்கடை

தம்பி, மாட்டிவிடாதே. மூட்டை உப்பு கருவாட்டுக்கும் ஐஸுக்கும் போகிற உப்பு. அதில் அயோடின் இருக்காது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டு உப்பு என்று விற்கக் கூடாது. கட்டிக் கொடுக்கிற பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி, தேதி, எடை, விலை எல்லாம் இருக்க வேண்டும். திறப்பு நாளிலேயே முகவரி இல்லாத கவர் கொடுத்தால் நான்கு ரூபாய் மிச்சம், நாற்பது கேள்வி. பாக்கெட் உப்பே வாங்குங்கள் தங்கச்சி.

20 ஜூன், காலை 7:00 | தங்கச்சிமடத்துக்காரி

மகளிர் குழு வாட்ஸ்அப்பில் நேற்று இரவு போட்டுவிட்டேன். சுருக்கமாக இருக்கட்டும் என்று இப்படி எழுதினேன்:

"ஜூன் 29 ஞாயிறு காலை 9:30 மணிக்கு நம் தெருவில் புதிய மளிகைக் கடை திறப்பு. அனைவரும் வருக. திறப்பு நாள் சலுகை: கல் உப்பு கிலோ 1 ரூபாய்."

அழகாக இருக்கிறது என்று பதினோரு பேர் கை கூப்பியிருக்கிறார்கள்.

21 ஜூன், பகல் 3:30 | தங்கச்சிமடத்துக்காரி

பாம்பனிலிருந்து ஒரு போன். கருவாட்டுக் களம் வைத்திருக்கிற அம்மா. குரலிலேயே களம் தெரிந்தது.

"உப்பு கிலோ ஒரு ரூபாயா?"

"ஆமாம் அம்மா, ஞாயிற்றுக்கிழமை."

"ஆறு மூட்டை எடுத்து வை. வண்டி அனுப்புகிறேன்."

மூட்டைக்கு 50 கிலோ. 300 கிலோ. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று போடுகிறவர்களுக்கு ஆறு மூட்டை ஒன்றுமே இல்லை. எனக்கு 2,400 ரூபாய் நட்டம். அதுவும் ஒரே ஆளுக்கு.

நான் பாக்கெட், வீட்டுக்கு ஒன்று என்றெல்லாம் விளக்கினேன். "நீ எழுதியதில் அது எங்கே இருக்கிறது?" என்றார். எடுத்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. "கிலோ 1 ரூபாய்" என்பது சந்தையில் கூவுகிற விலை. எத்தனை கிலோ வேண்டுமானாலும் அந்த விலை என்றுதான் யாரும் படிப்பார்கள். "ஒரு கிலோ பாக்கெட் ஒன்று ஒரு ரூபாய்க்கு" என்று என் மனதில் இருந்தது மனதிலேயே நின்றுவிட்டது.

கடைசியில் அவர் சொன்னது: "அப்படியானால் அந்த ஒரு ரூபாய் உப்பை உன் குழம்புக்கே போட்டுக்கொள்."

21 ஜூன், மாலை 6:00 | விதிப்படி

செய்தியை அழித்துவிடுங்கள். அழித்தால் முடிந்தது.

21 ஜூன், மாலை 6:20 | தங்கச்சிமடத்துக்காரி

குழுவில் அழித்துவிட்டேன். ஆனால் யாரோ எடுத்து வேறு குழுவில் போட்டது அங்கேயே இருக்கிறது. அதை என்னால் தொட முடியாது. பாம்பனைத் தாண்டி மண்டபத்துக்கும் போய்விட்டது. அங்கிருந்து என் நாத்தனார் "நம் தெருவில் என்றால் எந்தத் தெரு?" என்று எனக்கே அனுப்பிக் கேட்கிறார். அவருக்கு அது என் கடை என்றே தெரியவில்லை. பெயரும் இல்லை, தெருவும் இல்லை, "நம்" என்று மட்டும் இருக்கிறது.

21 ஜூன், இரவு 9:10 | ராம்நாடு மொத்தக்கடை

பழைய செய்தியைத் துரத்தாதீர்கள். புதிய செய்தியின் முதல் வரியிலேயே "முன்பு அனுப்பியதில் உப்புச் சலுகை தெளிவாக இல்லை, இதுவே சரியானது" என்று போடுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம்.

உங்கள் வரியில் ஐந்து கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: என்ன பொருள், எந்த அளவு, யாருக்கு எத்தனை, எது வரைக்கும், மொத்தம் எவ்வளவு இருக்கிறது. கடைசிக் கேள்விதான் உங்கள் பையைக் காப்பாற்றும். 150 பாக்கெட் என்று எழுதிவிட்டால், எல்லாம் போனாலும் 150 எட்டு 1,200 ரூபாய். அதற்கு மேல் நட்டம் உங்களைத் தொடாது. "இருப்பு உள்ளவரை" என்று மட்டும் போட்டால் இருப்பு பத்தா, நூறா என்று யாருக்கும் தெரியாது. விளம்பரங்களுக்கு மத்திய அரசு 2022இல் கொண்டுவந்த நெறிமுறையிலேயே இருக்கிறது: சலுகைச் சரக்கு குறைவாக இருந்தால் அதை விளம்பரத்தில் சொல்ல வேண்டும். எல்லா வியாபாரிகளுக்கும் பொதுவானதுதான். ஆனால் தெருவில் நம் முகம் தெரியும், நமக்குத்தான் அது அதிகம் பொருந்தும்.

22 ஜூன், காலை 11:00 | தங்கச்சிமடத்துக்காரி

"யாருக்கு எத்தனை" என்று அண்ணன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் இரண்டு மணி நேரமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஒன்று என்றால், எதிர் வீட்டில் ஒரே வாசலுக்குள் மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று அடுப்பு. ஒரு பாக்கெட்டை மூன்றாகப் பிரிப்பார்களா? குடும்பத்துக்கு ஒன்று என்றால் தனியாக இருக்கிற ஆச்சி குடும்பமா இல்லையா? குடும்ப அட்டைக்கு ஒன்று என்றால் தெளிவு, ஆனால் ரேஷன் கடை வாசனை வந்துவிடும். விருந்துக்குக் கூப்பிட்டு அட்டையைக் காட்டு என்பதா?

22 ஜூன், பகல் 12:15 | விதிப்படி

குடும்ப அட்டைதான் சரி. ஆதாரம் உள்ளது ஆதாரம் உள்ளதுதான்.

22 ஜூன், பகல் 12:30 | கீழக்கரை ஜூஸ்

அட்டை கேட்டால் நான் வர மாட்டேன்.

22 ஜூன், பகல் 2:05 | தொண்டிப் பேரன்

"அடுப்புக்கு ஒன்று" என்று போடுங்கள். எங்கள் பாட்டி ஊர்வரி பிரிப்பதைப் பற்றிச் சொல்லும்போது அடுப்புக் கணக்குத்தான் சொல்வார். கவிதையாகவும் இருக்கிறது.

22 ஜூன், பகல் 2:20 | தங்கச்சிமடத்துக்காரி

தொண்டித் தம்பி, இந்த இழையில் நீங்கள் சொன்ன முதல் உருப்படியான யோசனை இதுதான். ஆனால் எழுத்தில் "அடுப்புக்கு ஒன்று" என்று பார்த்தால் காஸ் அடுப்புக்கு ஏதோ இலவசம் என்று படிக்க ஆள் இருக்கிறது. செய்தியில் வீட்டுக்கு ஒன்று. கடையில் கேட்டால் அடுப்புக்கு ஒன்று. எழுதுவது ஒரு பிடி இறுக்கமாக இருக்கட்டும், கொடுப்பது ஒரு பிடி தளர்வாக இருக்கட்டும். எதிர்ப்பக்கமாகச் செய்தால்தான் சண்டை.

24 ஜூன், காலை 8:45 | தங்கச்சிமடத்துக்காரி

இப்போது எழுதியது:

"அன்பான தெருவாருக்கு வணக்கம். முன்பு வந்த செய்தியில் உப்புச் சலுகை தெளிவாக இல்லை, இதுவே சரியானது.

ஜூன் 29 ஞாயிறு காலை 9:30 மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் மளிகைக் கடை திறக்கிறோம். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, நீலக் கதவு வீடு. நீங்கள் வந்து முதல் வியாபாரம் செய்து தர வேண்டும்.

வீட்டுக்கு ஒரு பாக்கெட் கல் உப்பு (1 கிலோ) ஒரு ரூபாய்க்குத் தருகிறோம். வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஞாயிறு வர முடியாதவர்கள் செவ்வாய் இரவு 8 மணி வரை வாங்கலாம். மொத்தம் 150 பாக்கெட் இருக்கிறது.

பை இருந்தால் எடுத்து வாருங்கள்."

கீழே என் பெயரும் வீட்டுக்காரர் பெயரும்.

செவ்வாய் வரை நீட்டியதற்குக் காரணம், ஞாயிறு பகலில் படகுக்காரர்கள் தூங்குவார்கள், திங்கள் மறுபடி கடல். செவ்வாய்தான் கரை.

பை வரியைப் பற்றி எனக்கே சந்தேகம். 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, நான் வைக்கப் போவதில்லை. மஞ்சப்பை கொடுக்கலாம் என்றால் உப்பைவிட அதன் விலை அதிகம். ஆனால் அழைத்த வீட்டில் "நீயே பை கொண்டு வா" என்பது, கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலை கொண்டு வா என்பது போல இருக்கிறது.

24 ஜூன், காலை 9:20 | ராம்நாடு மொத்தக்கடை

அதை எடுத்துவிடுங்கள். காகிதப் பை கொஞ்சம் வாங்கி வைத்தால் போதும். "வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை" என்று எழுதினீர்கள் பாருங்கள், அது நல்ல வரி. நான் எழுதியிருக்க மாட்டேன், வியாபாரி கை நடுங்கும்.

இன்னொன்று. தெருமுனையில் ஏற்கெனவே கடை வைத்திருக்கிறாரே, அவருக்கு இதை அனுப்பிவிடாதீர்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள்.

26 ஜூன், இரவு 10:00 | தங்கச்சிமடத்துக்காரி

24ஆம் தேதி காலையிலேயே அனுப்பினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகட்டும் என்று வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு 148 எண்களுக்கு. இன்று குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஞாயிறு வந்துவிடுங்கள்" என்றால், "எங்கே?" என்கிறார். போனை வாங்கிப் பார்த்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்து, அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தேன். யார் யாருக்குச் சேர்ந்தது என்று அதில் பெயர் பெயராக இருக்கிறது. 57 பேர். மீதி 91 பேருக்குப் போகவே இல்லை. மகன் சொல்கிறான்: என் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் இந்தப் பட்டியல் வழியாகப் போகுமாம். அவர்கள் எண் என்னிடம் இருந்தால் போதாதாம். குழாயடி அக்கா இருபது வருடமாகச் சுவருக்கு மேலே கூப்பிடுகிறார், என் எண் அவருக்கு எதற்கு?

ஆக, தப்பாக எழுதிய செய்தி பாலத்தைத் தாண்டிப் போனது. சரியாக எழுதியது சுவரைத் தாண்டவில்லை.

நாளையும் மறுநாளும் நடை.

28 ஜூன், இரவு 9:30 | தங்கச்சிமடத்துக்காரி

91 வீடு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று எண் என்று கழித்தால் 53 வீடு. நடந்து சொன்னேன். நேரில் சொல்லும்போது சலுகை வரி தானாகவே சரியாகிவிடுகிறது. "ஒரு பாக்கெட்" என்று சொல்லும்போதே கை ஒரு விரலைக் காட்டிவிடுகிறது.

வாசிக்கத் தெரியாத ஆச்சிகள் நான்கு பேர். அவர்களுக்கு எழுத்துச் செய்தியால் என்ன பயன் என்று நான் ஆரம்பத்திலேயே யோசிக்கவில்லை. குரலில் பதிந்து அனுப்பியிருந்தாலும் பேரன் வந்துதான் போட்டுக் காட்ட வேண்டும்.

தெருமுனைக் கடை அண்ணாச்சியிடமும் போனேன். இரண்டு நிமிடம் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உப்பை மட்டுமா, எண்ணெயையும் இறக்குகிறாயா?" என்று கேட்டார். உப்பு மட்டும் என்றேன். "சரி" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

29 ஜூன், இரவு 11:20 | தங்கச்சிமடத்துக்காரி

கால் வலிக்கிறது, விவரம் நாளை. 83 பாக்கெட் போனது.

30 ஜூன், பகல் 2:40 | தங்கச்சிமடத்துக்காரி

முதல் வியாபாரம் மாமியாரின் தோழி. மஞ்சள் 50 கிராம், உப்பு ஒன்று.

நேற்று உப்பு வாங்கிய 83 பேரில் உப்பை மட்டும் வாங்கிப் போனவர்கள் 26. மற்றவர்கள் கூட எதையாவது வாங்கினார்கள், பெரும்பாலும் 40 ரூபாயிலிருந்து 100க்குள். சொன்னேனே, 500 இல்லை. ஒரே ஒருவர் 640க்கு வாங்கினார், அவர் என் சொந்தத் தம்பி.

ஒரு நோட்டில் வீட்டுப் பெயர் எழுதி டிக் போட்டேன். எதிர் வீட்டு மூன்று அடுப்புக்கும் மூன்று கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, மாடியில் மாமியார் தனியாகச் சமைக்கிறார் என்று ஒருவர் வாதாடினார். அந்த வீட்டில் மாடியே கிடையாது. கொடுத்துவிட்டேன், எட்டு ரூபாய்க்கு இவ்வளவு கற்பனை என்றால் மலிவு.

கருவாட்டுக் களத்து அம்மாவும் வந்தார்! பாம்பனிலிருந்து பஸ் ஏறி, மகளோடு. "எழுதினாயே, ஒரு கிலோ ஒரு ரூபாய், கொடு" என்றார். நம் தெருவுக்கு மட்டும்தான் என்று வாய் வரை வந்தது. செய்தியில் "தெருவாருக்கு" என்று விளித்திருந்தேனே தவிர, வெளியூருக்கு இல்லை என்று எழுதவில்லை. இரண்டு பாக்கெட் கொடுத்தேன், தாய்க்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மிளகாய்த்தூள் நன்றாக இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். முகர்ந்துதான் பார்த்தார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டி பழையது.

30 ஜூன், மாலை 5:00 | ராம்நாடு மொத்தக்கடை

மிளகாய்த்தூளைத் திருப்பிக் கொடுங்கள், பில் இருந்தால் மாற்றித் தருவார்கள். கடனுக்கு யாரும் கேட்டார்களா?

30 ஜூன், மாலை 5:30 | தங்கச்சிமடத்துக்காரி

திறப்பு நாளில் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்பது பேர். "உப்புக்கு ஒரு ரூபாய் வைத்துக்கொள், மீதியைப் பற்றில் எழுது." செய்தியில் ரொக்கம் என்று ஒரு சொல் போட்டிருக்கலாமா என்று அப்போது தோன்றியது. இப்போது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அழைப்பில் அதை எழுதினால் வாசலில் சங்கிலி கட்டிவிட்டு வா என்பது போல. ஆனால் அந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு எழுதிவிட்டேன், நான்கு பேருக்கு இல்லை என்றுவிட்டேன். அந்த நால்வர் நாளை உப்பு வாங்க வருவார்களா தெரியவில்லை.

30 ஜூன், இரவு 8:10 | விதிப்படி

அதனால்தான் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்கிறேன். ரொக்கம் மட்டும், குடும்ப அட்டை அவசியம், வெளியூருக்கு இல்லை.

30 ஜூன், இரவு 8:25 | கீழக்கரை ஜூஸ்

அப்படி ஒரு அழைப்பு வந்தால் அது அழைப்பா, நோட்டீஸா?

1 ஜூலை, இரவு 9:05 | தங்கச்சிமடத்துக்காரி

செவ்வாய் இரவு 8 மணிக்கு எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 114 போனது, 36 மீதி. நட்டம் 912 ரூபாய். சீனி கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போடப் போனேன், பாதியில் விட்டுவிட்டேன். சீனிக்கு இவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்றே சொல்ல முடியாது.

அந்த நால்வரில் மூன்று பேர் வந்தார்கள்.

ஏழே முக்காலுக்குத் தெருமுனைக் கடையில் வேலை செய்கிற பையன் வந்தான். கையில் ஒரு ரூபாய் நாணயம். "அண்ணாச்சி வீட்டுக்கு ஒன்று கேட்டார்" என்றான். கொடுத்தேன். நோட்டில் அண்ணாச்சி வீடு என்று எழுதி டிக் போட்டேன். பையன் போகாமல் நின்றான். என்ன என்றேன்.

"உங்களுக்கு இந்தப் பாக்கெட் என்ன விலைக்கு வருகிறது என்று கேட்டு வரச் சொன்னார். அவருக்கு ஒன்பதரையாம்."